காலாவதிச் சரக்கின் நஷ்டம் எந்த ஆண்டுக்கு உரியது?

மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் கிடங்கில், மார்ச் 31 அன்று ஒரே இருமல் மருந்தில் 1,000 புட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புட்டி 80 ரூபாய்க்கு வாங்கியது. ஏட்டில் மதிப்பு 80,000 ரூபாய். ஆனால் அவற்றில் 100 புட்டிகள் காலாவதியாகிவிட்டன. தயாரித்த நிறுவனமும் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை. இன்னும் 300 புட்டிகளுக்கு மூன்றே மாதம்தான் ஆயுள்.

கணக்கியல் தரம் 2 சொல்லும் விதி எளிமையானது. வாங்கிய விலை, விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுவே சரக்கின் மதிப்பு. ஆயுள் குறைந்த புட்டியை 60 ரூபாய்க்குத்தான் தள்ள முடியும், விற்பனைச் செலவு 5 ரூபாய் என்றால் கையில் நிற்பது 55. புட்டிக்கு 25 வீதம் 300 புட்டிக்கு 7,500 ரூபாய் நஷ்டம். காலாவதியானவற்றுக்கு மதிப்பே இல்லை. அங்கே முழு 8,000 ரூபாயும் போச்சு. மொத்தம் 15,500. மிச்சம் 600 புட்டிகள் நன்றாக விற்பதால் பழைய விலையிலேயே நிற்கும். இருப்பின் உண்மை மதிப்பு 64,500 ரூபாய்.

புட்டிகள் இன்னும் அலமாரியில் இருப்பதால், எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. அதனால் 15,500 ரூபாயைச் செலவாக எழுதி, அதே தொகையைச் சரக்குக்கு எதிரான ஒதுக்கீடாக வைக்கிறார்கள். பலர் தவறுவது இங்கேதான். அழிக்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், இந்த ஆண்டு லாபம் 15,500 ரூபாய் கூடுதலாகத் தெரியும். நஷ்டம் அடுத்த ஆண்டின் தலையில் விழும்.

அழிப்பதற்கு ஒப்புதல் வேண்டும். ஸ்டோர் பொறுப்பாளர் பேட்ச் எண், காலாவதித் தேதி, எண்ணிக்கையோடு பட்டியல் தருவார். வேறொருவர் நேரில் எண்ணிப் பார்ப்பார். கணக்குப் பிரிவு மதிப்பைச் சரிபார்த்த பிறகு மேலாளர் கையெழுத்திடுவார். பட்டியல் போட்டவரே ஒப்புதலும் தரக்கூடாது. தந்தால் நல்ல புட்டியும் காலாவதி என்ற பெயரில் வெளியே போகலாம். அனுமதி பெற்ற எரிப்பு நிலையத்திலிருந்து சான்றிதழ் வந்ததும், அந்த 100 புட்டிகளையும் 8,000 ரூபாய் ஒதுக்கீட்டையும் ஒன்றுக்கொன்று நேர்செய்து நீக்கலாம். சரக்குக்காகப் புதிய நஷ்டம் வராது. எரிப்புக் கட்டணம் மட்டும் தனிச் செலவு. அழித்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5)(h) படி திருப்பிக் கட்ட வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று அறிய, சான்றிதழிலுள்ள பேட்ச் எண்களை அதற்குப் பிந்தைய விற்பனைப் பில்களில் தேட வேண்டும். அழித்ததாகச் சொன்ன பேட்ச்சில், அழித்தது போக மீதமே இருக்கக்கூடாத நிலையில் ஒரு பில் கிடைத்தாலும், காலாவதி மருந்து நோயாளி கைக்குப் போயிருக்கலாம். விசாரணையை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.