கேள்வி அறியப்படுமுன் லொறி அமர்த்தல்: இருநிலைத் தீர்மானக் கணிதம்

நாளைய தேவை எத்துணையதென இன்று அறிதல் இயலாது. ஆயினும் அத்தேவைக்கு வேண்டிய ஏற்பாட்டை இன்றே செய்யவேண்டிய நிலை வணிகத்தில் அடிக்கடி நேர்கின்றது. மரக்கறிகளை மொத்தமாகக் கொள்வனவு செய்து நகரச் சந்தைகளுக்கு அனுப்பும் வணிகர் ஒருவரைக் கருதுவோம். அடுத்த வாரத்து அனுப்பீட்டுக்கு அவர் லொறிகளை முன்கூட்டியே பேசி அமர்த்துவாராயின் வாடகை குறைவு. சந்தையின் கேள்வி தெரிந்தபின் அவசரமாகத் தேடுவாராயின் வாடகை பன்மடங்கு உயரும். முன்கூட்டி அமர்த்திய லொறி ஓடாது நின்றாலும் அதற்குரிய பணத்தைக் கொடுத்தேயாகவேண்டும். எத்தனை லொறிகளை இன்று பேசுவது என்பதே வினா.

இவ்வினாவில் இரண்டு தீர்மானங்கள் அடங்கியுள்ளன. முதலாவது கேள்வி தெரியுமுன் செய்யப்படுவது. அதனைப் பின்னர் மாற்ற முடியாது. இரண்டாவது கேள்வி தெரிந்தபின் செய்யப்படுவது. முதற் தீர்மானத்தால் விளைந்த குறையை நிரப்புவதே அதன் தொழில். ஆதலின் இதனை இருநிலைத் திட்டமிடல் என்றும், இரண்டாம் நிலையில் நேரும் செலவை ஈடுசெய் செலவு என்றும் கூறலாம். நிச்சயமின்மையின்கண் நேரியல் திட்டமிடலை அமைக்கும் இம்முறையை ஜோர்ஜ் டான்சிக், பீல் என்னும் இருவரும் 1955 ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர். அதற்கடுத்த ஆண்டில் டான்சிக், பேர்கசன் ஆகியோர் இதனை விமானப் பாதைகளுக்குப் பிரயோகித்தனர். பிரயாணிகளின் தொகை தெரியுமுன்னரே எப்பாதைக்கு எவ்விமானத்தை ஒதுக்குவது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை. இடமின்றித் திருப்பியனுப்பப்படும் பிரயாணிகளால் இழக்கப்படும் வருமானம் அங்கு ஈடுசெய் செலவாயிற்று. லொறிப் பிரச்சினையும் அதே இனத்தைச் சார்ந்ததாம்.

ஓர் உதாரணம்

மேற்கூறிய வணிகருக்குத் தேவைப்படக்கூடிய லொறிகள் 7, 10, 14 என்னும் மூன்று அளவுகளில் ஒன்றாகும் எனவும், அவற்றின் நிகழ்தகவுகள் முறையே 0.4, 0.3, 0.3 எனவும் கொள்வோம். முன்கூட்டிப் பேசும் லொறியொன்றுக்கு 20 ஆயிரம் ரூபா. குறைவாகும் ஒவ்வொரு லொறிக்கும் அவசர வாடகை 50 ஆயிரம் ரூபா. அன்றியும், தாமதத்தால் வாடி வீணாகும் மரக்கறியின் பெறுமானமும் வாடிக்கையாளருக்குச் செலுத்தும் நட்டஈடும் சேர்ந்து 30 ஆயிரம் ரூபா. ஆகவே ஈடுசெய் செலவு ஒரு லொறிக்கு 80 ஆயிரம் ரூபாவாகும்.

பேசும் லொறிகளின் தொகையை x எனவும், கேள்வியை D எனவும் குறித்தால், மிகக் குறைக்கவேண்டிய செலவு, ஆயிரம் ரூபாவில், பின்வருமாறு அமையும்:

20x + 80·E[max(D − x, 0)]

இதில் E என்பது எதிர்பார்ப்புப் பெறுமானத்தைக் குறிக்கும். அஃதாவது ஒவ்வொரு நிலைமையிலும் நேரும் குறைவை அதன் நிகழ்தகவாற் பெருக்கிக் கூட்டிய தொகையாம். இச்செலவின் சரிவு 7, 10, 14 என்னும் இடங்களிலேயே மாறுகின்றமையால் அம்மூன்றையும் சோதித்தல் போதும்.

ஏழு லொறிகளைப் பேசினால் வாடகை 140. கேள்வி 10 ஆயின் 3 லொறியும், 14 ஆயின் 7 லொறியும் குறையும். சராசரிக் குறைவு 0.3 × 3 + 0.3 × 7 = 3 லொறியாகும். ஈடுசெய் செலவு 240, மொத்தம் 380. பத்து லொறிகளைப் பேசினால் வாடகை 200. கேள்வி 14 ஆகும்போது மட்டும் 4 லொறி குறையுமாதலின் சராசரிக் குறைவு 1.2, ஈடுசெய் செலவு 96, மொத்தம் 296. பதினான்கு லொறிகளைப் பேசினால் குறைவு என்பதே இல்லை, மொத்தம் 280. எனவே பதினான்கே சிறந்த தீர்மானம்.

சராசரியை நம்புதலின் பிழை

மேற்கூறிய கேள்வியின் சராசரி 0.4 × 7 + 0.3 × 10 + 0.3 × 14 = 10 ஆகும். சராசரியையே உண்மைக் கேள்வியெனக் கொள்ளும் வணிகர் பத்து லொறிகளைப் பேசித் தம் செலவு 200 எனக் கணக்கிடுவர். ஆனால் நெடுநாட் சராசரியில் அவருக்கு நேருவது 296. வேறொருவர் ஒவ்வொரு நிலைமைக்கும் தனித்தனியே சிறந்த விடையைக் கண்டு, அவ்விடைகளின் சராசரியை எடுக்கலாம். அவரும் பத்தையே அடைவர். இவ்விருவர் பிழையும் ஒன்றே. லொறி பேசும் நேரத்தில் எந்நிலைமை வரும் என்பது தெரியாதாகையால் முதல்நிலைத் தீர்மானம் எல்லா நிலைமைக்கும் பொதுவாதல் வேண்டும். ஒவ்வொரு நிலைமைக்கும் ஒவ்வொன்றாக இருத்தல் ஆகாது.

பத்துக்கும் பதினான்குக்கும் இடையிலுள்ள 16 ஆயிரம் ரூபா, நிச்சயமின்மையைக் கணக்கிற் கொண்டதால் விளைந்த இலாபம். கேள்வியை முன்னரே பிழையின்றி அறிந்திருந்தால் சராசரிச் செலவு 20 × 10 = 200 ஆகும். அதற்கும் 280 இற்கும் உள்ள வேறுபாடு 80. ஆகவே கேள்வியை முன்னறிந்து கூறுவோருக்கு வாரமொன்றுக்கு 80 ஆயிரம் ரூபாவுக்கு மேற் கொடுத்தல் வீண்.

விடை எதனால் மாறும்?

கடைசி நான்கு லொறிகள் 0.3 என்னும் நிகழ்தகவோடு மட்டுமே தேவைப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை முன்கூட்டிப் பேசுவதால் மீதமாகும் ஈடுசெய் செலவு சராசரியில் 0.3 × 80 = 24; பேசும் வாடகையோ 20. ஆதலாற்றான் அது பேசத்தக்கதாயிற்று. பொதுவிதியும் இதனால் விளங்கும்: இறுதி லொறி தேவைப்படும் நிகழ்தகவு, முன்வாடகையை ஈடுசெய் செலவால் வகுத்துவரும் ஈவிலும் பெரிதாயுள்ளவரை லொறிகளைக் கூட்டிக்கொண்டு செல்லலாம். இங்கு அவ்வீவு 20/80, அஃதாவது 0.25.

இனி, மரக்கறி நட்டத்தையும் நட்டஈட்டையும் மறந்து, அவசர வாடகையாகிய 50 ஐ மட்டும் எழுதினால் யாது நிகழும்? ஈவு 0.4 ஆகும், 0.3 அதனிற் சிறிதாதலின் விடை பத்துக்கு இறங்கும். அவசர வாடகை 30 ஆகவே இருந்து, வேறு நட்டமும் இல்லையாயின், ஈவு 0.67 ஆகி, விடை ஏழுக்கு இறங்கும். எனவே இக்கணிதத்தில் மிகுந்த கவனத்தோடு மதிப்பிடவேண்டியது ஈடுசெய் செலவேயாம். வாடகைச் சீட்டில் எழுதப்படாத நட்டங்கள் பெரும்பாலும் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன. நிகழ்தகவும் அவ்வாறே ஆராயத்தக்கது. பதினான்கு லொறி தேவைப்படுவது 0.3 அன்றி 0.24 ஆயின் விடை பத்தாகும். எல்லைக்கு இத்துணை அண்மையில் நிற்கும் விடையை உறுதியானதெனக் கொள்ளலாகாது. எண்களைச் சிறிது மாற்றிப் பார்த்தே அதன் உறுதியை அறிதல் வேண்டும்.

முறையின் எல்லைகள்

அவசர லொறி எத்தனை வேண்டுமாயினும் கிடைக்கும் என்பது மேற்கணக்கிலுள்ள ஓர் எடுகோள். கேள்வி மிகும் நாளில் ஏனைய வணிகரும் லொறி தேடுவராதலின் அவை கிடையாமற் போகலாம். அந்நிலையில் கிடைக்கக்கூடிய தொகைக்கு ஓர் எல்லையை எழுதி, அதற்கு மேற்பட்ட குறைவுக்கு இன்னும் உயர்ந்த செலவை விதித்தல் வேண்டும். அன்றியும், எதிர்பார்ப்புப் பெறுமானம் வாரந்தோறும் திரும்பத் திரும்ப நிகழும் தொழிலுக்கே நன்கு பொருந்தும். ஒரேயொரு பெருநட்டத்தால் முதலையே இழக்கக்கூடிய சிறுவணிகர் சராசரியோடு அதிகூடிய நட்டத்தையும் நோக்கவேண்டியவராவர்.

பாதைகள் பலவாகும்போது இரண்டாம் நிலையும் எளிதன்று. ஒரு பாதையில் மிகுந்த லொறியை மற்றொன்றுக்கு மாற்றலாமாதலின் ஒவ்வொரு நிலைமைக்கும் ஈடுசெய்தலே தனியொரு திட்டமிடற் கணக்காகிவிடும். பத்துப் பாதைகளில், ஒவ்வொன்றிலும் மூன்று நிலைமை தனித்து நிகழுமாயின், சேர்ந்த நிலைமைகள் 59,049. இத்தகைய பெருங்கணக்கைச் சிறு கணக்குகளாகப் பிரித்து, முதல்நிலைக்குப் படிப்படியாக நிபந்தனைகளைச் சேர்த்துச் செல்லும் வழியை வான் ஸ்லைக், வெட்ஸ் ஆகிய இருவரும் 1969 இல் வகுத்தனர். அளவு எத்துணை பெருகினும் கணக்கின் உள்ளுறை மாறுவதில்லை: இன்று கொடுக்கும் வாடகையையும் நாளை நேரக்கூடிய குறைவின் செலவையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தலே அது.