திறந்த கதவும் மூடிய கதவும்

தொடங்கிய காட்சிக்கே திரும்பி வந்து முடிவது வட்டக் கதை. காட்சி அதுவே என்றாலும், கடைசியில் அதன் பொருள் வேறாகியிருக்கும். 1956-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி சர்ச்சர்ஸ்' என்ற அமெரிக்கப் படம் இதற்கு நல்ல சான்று.

படம் இருட்டில் தொடங்குகிறது. 1868-ஆம் ஆண்டு, டெக்சாஸ். ஒரு கதவு திறக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் கேமரா, வாசலில் நிழலுருவாக நிற்கும் மார்த்தாவின் முதுகையும் அவளுக்கு அப்பால் வெயிலில் காயும் பாலை நிலத்தையும் காட்டுகிறது. தொலைவில் குதிரையில் ஒருவன் வருகிறான். அவள் கணவனின் சகோதரன் ஈதன். உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறான். மார்த்தா பின்னோக்கி நடந்தபடி அவனை உள்ளே அழைத்துச் செல்கிறாள். சிறுமி டெபியை அவன் இரு கைகளாலும் தூக்குகிறான். இங்கே கதவு என்றால் வரவேற்பு.

அந்தப் பொருளைப் படத்தின் நடுப்பகுதி மெல்ல அரிக்கிறது. கொமான்சி இனத்தவர் வீட்டை எரித்து, மார்த்தாவைக் கொன்று, டெபியைக் கொண்டுபோகிறார்கள். தேடிப் புறப்படும் ஈதன், வழியில் புதைக்கப்பட்டிருந்த ஒரு கொமான்சியின் கண்களைச் சுடுகிறான். கண்ணில்லாத ஆவி காற்றோடு அலையும் என்பது அவர்கள் நம்பிக்கை என்று அவனுக்குத் தெரியும். அந்த அளவுக்கு வெறுப்பு. கொமான்சிகளோடு வளர்ந்துவிட்ட டெபியையே கொல்லும் எண்ணமும் அவனுக்கு வந்துவிடுகிறது. கடைசியில் அவளைத் துரத்திப் பிடித்தவன், சிறுமியைத் தூக்கியது போலவே உயரத் தூக்கி, மார்போடு அணைத்துக்கொள்கிறான்.

முடிவில் மீண்டும் இருண்ட வீடு, ஒளி நிறைந்த வாசல். ஆனால் இது பக்கத்துக் குடும்பத்தின் வீடு. மார்த்தாவின் வீடு எரிந்து போயிற்று. டெபியைத் தாழ்வாரத்தில் இறக்கிவிடுகிறான். எல்லாரும் அவனைக் கடந்து உள்ளே போகிறார்கள். அவனை யாரும் தடுக்கவில்லை, அழைக்கவும் இல்லை. இடக்கையால் வலது முழங்கையைப் பற்றியபடி சற்று நிற்கிறான். பிறகு திரும்பி, வெயிலுக்குள் நடக்கிறான். கதவு மூடுகிறது. அந்த ஆவிக்கு அவன் விதித்த அலைச்சல் இப்போது அவனுடையது.

மூலமான ஆலன் லெ மேயின் நாவலில் இந்தப் பாத்திரம் இறந்துவிடுகிறான். படம் அவனை உயிரோடு வெளியே நிறுத்துவதால்தான் கதவுக்கு இவ்வளவு கனம்.

எழுதுபவர்கள் இந்த உத்தியில் தவறுவது பெரும்பாலும் நடுப்பகுதியில்தான். முதல் காட்சியை மறுபடி எழுதினால் வட்டம் அமைந்துவிடும் என்று எண்ணிவிடுகிறார்கள். கதையின் நடுவை எடுத்துவிட்டு முதலையும் கடைசியையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால் பழுது தெரியும். இரண்டும் ஒரே உணர்வைத் தந்தால் அது வெறும் திரும்பக் கூறல். 'தி சர்ச்சர்ஸ்' படத்தில், முதல் கதவைத் திறந்தவளின் மரணமே கடைசிக் கதவை மூட வைக்கிறது.