ஒரு வாடிக்கையாளர், நான்கு விலாசங்கள்

நானுஓயாவின் தபால் குறியீடு 22150. அதற்கு முன்னால் டெஸ்போட், கிளாசோ, எடின்பரோ என்று ஒரு தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டால், கடிதம் வந்து சேர அது போதும். ஆனால் சேர்வது தோட்டத்துக்குத்தான், வீட்டுக்கு அல்ல. ஒரு தோட்டத்தில் பல டிவிஷன்கள், ஒவ்வொரு டிவிஷனிலும் பல லயங்கள், ஒவ்வொரு லயத்திலும் அடுத்தடுத்துக் குடும்பங்கள். கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு மொத்தமாக வந்து, அங்கிருந்து ஒருவர் பிரித்துக் கொடுப்பதே நெடுங்கால வழக்கம். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்த பிறகு கைக்குக் கிடைத்த கதை மலையகத்தில் பல வீடுகளில் உண்டு. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி வேண்டும் என்று கேட்பது அதனால்தான் ஓர் உரிமைக் கோரிக்கையாகவே இருந்து வருகிறது.

இன்று அதே அரைகுறை முகவரியை நம்பிப் பொதிகளும் வருகின்றன. போனிலும் இணையத்திலும் ஓடர் எடுக்கும் சிறு கடைகள் பெருகிவிட்டன. அவற்றில் பலவற்றின் குறிப்பேட்டில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பெயர், ஒரு போன் இலக்கம், ஒரு முகவரி என்று மூன்றே கட்டங்கள்தான் இருக்கின்றன. தோட்டத்துக் குடும்பங்கள் பொருள் வாங்கும் விதத்துக்கு இது பொருந்தாது. வாங்குபவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகன். பொருள் போக வேண்டியது நானுஓயாவில் இருக்கும் அம்மாவுக்கு. அடுத்த மாதம் அதே மகன் கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கைக்கு வாங்குவார். அதற்கடுத்த முறை தனக்கே வாங்குவார். ஆள் ஒருவர்தான், முகவரி ஒவ்வொரு முறையும் வேறு.

முகவரியை ஆளோடு ஒட்டிவைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. எந்த ஓடருக்கு எந்த முகவரி என்பதை அந்த ஓடர்தான் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. கணினியில் மூன்று தாள்கள் இருந்தால் போதும். முதல் தாளில் வாடிக்கையாளர்கள்: ஆளுக்கு ஒரு வரி, ஒரு இலக்கம். இரண்டாவதில் முகவரிகள்: முகவரிக்கு ஒரு வரி, அது எந்த வாடிக்கையாளருடையது என்ற இலக்கத்தோடு. ஒருவருக்கு இங்கே எத்தனை வரிகளும் இருக்கலாம். மூன்றாவதில் ஓடர்கள்: ஒவ்வொன்றிலும் பொருள் போகும் முகவரி, பில் போகும் முகவரி என்று இரண்டு தனித்தனி இடங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் நாளிலும் இரண்டையும் நிரப்ப வேண்டும்.

இரண்டாவது தாளில்தான் நானுஓயாவைத் தெரிந்தவரின் கை தெரிய வேண்டும். நகரத்துப் படிவங்கள் வீட்டு இலக்கம், தெரு, ஊர் என்று கேட்கும். இங்கே கேட்க வேண்டியவை தோட்டம், டிவிஷன், லய இலக்கம், வீட்டு இலக்கம். லயத்துக்கு இலக்கம் இல்லாவிட்டால் கோயில், பாடசாலை, கொழுந்து மடுவம் என்று பக்கத்தில் இருக்கும் அடையாளம். பெறுபவரின் பெயரும் போன் இலக்கமும் முகவரியோடு இருக்க வேண்டும், வாடிக்கையாளரோடு அல்ல. இதை விட்டுவிடுவதால் வரும் தொல்லை எளிதில் கண்ணில் படாது. கூரியர் வண்டி நானுஓயா பஜாரில் நின்றுகொண்டு கொழும்பில் இருக்கும் மகனை அழைக்கும். வேலை நேரத்தில் அவர் எடுக்கமாட்டார். "தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற சீட்டோடு பொதி திரும்பிவிடும். அம்மாவின் போனோ ஒருமுறைகூட ஒலித்திருக்காது.

இன்னொன்று: பகலில் லயத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். மலையில் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப மாலையாகிவிடும். அதனால் பல குடும்பங்களுக்கு உண்மையான பொதி முகவரி, டவுனில் தெரிந்தவர் வைத்திருக்கும் பலசரக்குக் கடைதான். அதையும் ஒரு தனி முகவரியாகவே பதிய வேண்டும். கடையின் பெயர், கடைக்காரரின் போன், "இன்னாருக்காக" என்று பெறுபவரின் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். குறிப்புக் கட்டத்தில் "கடையில் கொடுக்கவும்" என்று எழுதிவைத்தால் பொதியின் மேல் ஒட்டும் சீட்டில் அந்தக் குறிப்பு அச்சாகாமல் போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வாடிக்கையாளர் இலக்கம் 417, கொழும்பில் வேலை செய்யும் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் நான்கு வரிகள்: "என் அறை", "அம்மா வீடு", "டவுன் கடை", "தங்கை விடுதி". பாடசாலை தொடங்கும் முன் தம்பிக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் எடுக்கிறார். பொருள் போகும் இடம் "டவுன் கடை", பெறுபவர் அம்மா, அழைக்க வேண்டியது கடைக்காரரை. பில் போகும் இடம் "என் அறை". பணத்தை அவரே வங்கியில் செலுத்திவிட்டார். ஆகவே பொதிச் சீட்டில் பெறுபவரிடம் வாங்க வேண்டிய தொகை 0 என்று இருக்க வேண்டும். முகவரியைச் சரியாக மாற்றிவிட்டு இதை மட்டும் மறந்தால், ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கூரியர்காரர் கடைக்காரரிடம் திரும்பவும் கேட்பார். அம்மா பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாவது அதைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவார். பொருளைக் கையில் வாங்கும்போது காசு கொடுக்கும் முறை இங்கே பரவலாக இருப்பதால், பெறுபவர் யார், பணம் கொடுப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு ஓடரிலும் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்த ஓடர் வரும்போது எந்த முகவரி முன்னால் வந்து நிற்க வேண்டும்? பல அமைப்புகள் கடைசியாகப் பயன்படுத்தியதைத் தாமாகவே எடுத்துவைத்துக்கொள்கின்றன. இது கூடாது என்பது என் உறுதியான கருத்து. தங்கையின் பிறந்தநாளுக்கு ஒரேயொரு பரிசு விடுதிக்குப் போனதால், அடுத்த மாதம் அம்மாவுக்கு வாங்கிய கம்பளி கண்டிக்குப் போய்விடும். வழக்கமான முகவரி எதுவென்று வாடிக்கையாளரே சொல்ல வேண்டும், அவர் சொன்னால்தான் அது மாற வேண்டும். பொருளுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று இரண்டு வழக்கமான முகவரிகள் இருக்கட்டும். இந்த ஓடரின் முகவரி போன ஓடரின் முகவரியிலிருந்து வேறுபட்டால், அதை மட்டும் கேட்டு உறுதி செய்யலாம். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் உறுதி செய்யச் சொன்னால் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

பட்டியலைக் காட்டும்போது ஊர்ப் பெயரை முதலில் காட்டினால் இரண்டு வரிகள் ஒன்றுபோல "நானுஓயா" என்றே தொடங்கும், தவறானதைத் தொட்டுவிடுவது சுலபம். பெறுபவரின் பெயரும் "டவுன் கடை" போன்ற அடையாளப் பெயரும் முன்னால் வரட்டும். தோட்டப் பெயரைக் கையால் எழுதவிடாமல் பட்டியலிலிருந்து எடுக்கச் செய்வதும் நல்லது. டெஸ்போட், டெஸ்போர்ட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதினால், ஒரே வண்டியில் போக வேண்டிய இரண்டு பொதிகள் கணக்கில் இரண்டு இடங்களாகிவிடும்.

அடுத்தது, பலரும் தவறவிடும் இடம். ஓடரில் முகவரியின் இலக்கத்தை மட்டும் எழுதினால் போதாது, அன்றைய முகவரியின் வாசகம் முழுவதையும் பிரதி எடுத்து ஓடரிலேயே வைக்க வேண்டும். காரணம், முகவரிகள் மாறும். இந்திய உதவியில் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். லயத்திலிருந்து தனிவீட்டுக்குப் போகும் குடும்பம் "அம்மா வீடு" என்ற வரியைத் திருத்தச் சொல்லும். ஓடரில் இலக்கம் மட்டும் இருந்தால், இரண்டு வருடத்துக்கு முந்தைய பில்லைத் திறந்தாலும் புதிய வீட்டு முகவரிதான் தெரியும். பொருள் எங்கே கொடுக்கப்பட்டது என்று தகராறு வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பழைய வரியை அழிக்கவும் வேண்டாம். "பாவனையில் இல்லை" என்று குறித்துப் பட்டியலிலிருந்து மறைத்தால் போதும்.

இதனால் ஒரு கேள்வி எழும். பொதி வழியில் இருக்கும்போது முகவரி மாறினால்? பிரதி எடுத்துவைத்திருப்பதால் அந்த ஓடர் தானாக மாறாது. நல்லதுதான், ஆனால் அன்று கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும்: "இனிமேல் வாங்குவதற்கு மட்டுமா, இப்போது வருகிற பொதிக்கும் சேர்த்தா?" பொதிக்கும் என்றால் ஓடரில் உள்ள பிரதியைத் தனியாகத் திருத்தி, கூரியருக்கும் சொல்ல வேண்டும்.

பில் முகவரியைப் பொருள் முகவரியிலிருந்து நகலெடுத்து நிரப்பும் பழக்கம் இரண்டு இடங்களில் இடிக்கும். ஒன்று, வெளிநாட்டு அட்டை. பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் அட்டைகளுக்கு, பில் முகவரியில் உள்ள வீட்டு இலக்கத்தையும் தபால் குறியீட்டையும் வங்கியில் உள்ள பதிவோடு ஒப்பிடும் ஏற்பாடு உண்டு. லண்டனில் இருப்பவரின் அட்டையோடு 22150 என்ற குறியீடு போனால் அது ஒத்துவராது, கொடுப்பனவு மறுக்கப்படலாம்.

மற்றது, தோட்டமே வாடிக்கையாளராக வரும்போது. 1992 முதல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது, அவற்றின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் கொழும்பில். நானுஓயாவில் இயந்திர உதிரிப்பாகம் விற்கும் கடைக்கு, தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ரூபா 50,000 பெறுமதியான பொருளுக்கு ஓடர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடை பெறுமதி சேர் வரிக்குப் பதிந்தது என்றால், 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 18 சதவீதத்தில் வரி மட்டும் ரூபா 9,000. இந்த வரியைக் கம்பனி தன் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டுமானால், வரிப் பட்டியலில் கம்பனியின் பெயரும் முகவரியும் வரிப் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். தொழிற்சாலையின் பெயரை மட்டும் எழுதிய பில் கொழும்புக் கணக்குப் பிரிவுக்குப் போய்த் திரும்பி வரும், அதுவரை காசும் வராது. பொருளைக் கொழும்பு முகவரிக்கு அனுப்பினால் தொழிற்சாலை நின்றுபோகும். ஆகவே வரிப் பதிவு இலக்கம் பில் முகவரியோடும், பொருளைப் பொறுப்பேற்கும் ஸ்டோர் கீப்பரின் பெயர் பொருள் முகவரியோடும் இருக்க வேண்டும்.

பழைய குறிப்பேட்டிலிருந்து மாறும் கடை எல்லாரையும் ஒரே நாளில் அழைத்துக் கேட்க வேண்டியதில்லை. இருக்கும் ஒரே முகவரியை முதல் வரியாகப் பதிந்து "சரிபார்க்கப்படவில்லை" என்று குறித்துவைத்து, அவர் அடுத்து ஓடர் கொடுக்கும்போது கேட்டால் போதும். முதலில் பார்க்க வேண்டியது திரும்பி வந்த பொதிகளின் சீட்டுகளை. "ஆள் இல்லை" என்று வந்தவர்களிடம் டவுனில் ஒரு கடையைக் கேட்க வேண்டும், "தொடர்பு இல்லை" என்று வந்தவர்களிடம் பெறுபவரின் போன் இலக்கத்தை, "முகவரி போதாது" என்று வந்தவர்களிடம் டிவிஷனையும் லயத்தையும்.