மதுவும் மாத்திரையும்: குடியை நிறுத்திய மறுநாளில் ஒளிந்திருக்கும் ஆபத்து

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்காக நம் பகுதி மக்களில் பலர் ஆண்டுதோறும் மாலை அணிந்து விரதம் இருக்கின்றனர். 48 நாள், 21 நாள், 11 நாள் என அவரவர் நேர்ந்துகொண்டபடி விரத நாள்கள் அமைகின்றன. நாள்தோறும் குடித்து வந்தவர்களும் மாலை அணிந்த அன்றே மதுவை அறவே விட்டுவிடுவதுண்டு. அவர்களிடம் மருந்துகளைப் பற்றி எச்சரித்தால், “இப்போதுதான் குடிப்பதில்லையே டாக்டர், மாத்திரை போட்டால் என்ன?” என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் வலிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கும் பாராசிட்டமாலைப் பொறுத்தவரை, நாள்பட்ட குடியை நிறுத்திய முதல் சில நாள்களில்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

நாம் விழுங்கும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் வேறொரு நொதியின் வழியாகச் சென்று நச்சுப்பொருளாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்னும் பொருள் கல்லீரலில் எப்போதும் இருப்பில் இருந்து, அந்த நச்சை உடனுக்குடன் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே சரியான அளவில் உட்கொள்ளும்வரை பாராசிட்டமால் நல்ல மருந்தே.

நாள்தோறும் குடிப்பவரின் கல்லீரலில் நச்சை உண்டாக்கும் அந்த நொதி பெருகிவிடுகிறது. மதுவைச் சிதைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இரத்தத்தில் மது இருக்கும்வரை நொதி அதிலேயே ஈடுபட்டிருப்பதால் மாத்திரையின் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. மது முற்றும் நீங்கியதும், பெருகிய நொதி முழுவதும் பாராசிட்டமாலின் மீது பாய்கிறது. அது பழைய நிலைக்கு இறங்கப் பல நாள்கள் ஆகும். நச்சைப் பற்றும் குளூட்டாதயோனோ குடியினாலும் பட்டினியினாலும் குறைந்துபோகிறது. விரதத்தில் ஒரு வேளை மட்டும் உண்பவருக்கு அந்த இருப்பு மேலும் சுருங்குகிறது. நச்சு மிகுந்து, அதைத் தடுக்கும் பொருள் குறைந்து, இரண்டும் ஒரே வாரத்தில் நேர்கின்றன.

எடுத்துக்காட்டாக, நாள்தோறும் இரவில் ஒரு குவார்ட்டர் குடித்து வந்த 45 வயது மீனவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மாலை அணிந்த மறுநாள் அவருக்குத் தலைவலி, உடல்வலி, கைநடுக்கம். காய்ச்சல் என்று கருதி 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை நான்கு வேளை போடுகிறார்; அது 2,600 ஆயிற்று. மூட்டுவலிக்கென ஏற்கெனவே வீட்டில் இருந்த அசிக்ளோபினாக் கூட்டு மாத்திரையை மூன்று வேளை போடுகிறார். அதன் ஒவ்வொன்றிலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருப்பதால் மேலும் 975 சேர்கிறது. சளிக்கென வாங்கிய மாத்திரை ஒன்றில் 500 வீதம் இரண்டு வேளைக்கு 1,000. ஒரே நாளில் 4,575 மில்லிகிராம்! உடல்நலமுள்ள பெரியவருக்கே நாள் ஒன்றுக்கு 4,000தான் உச்ச வரம்பு. நாள்தோறும் குடிப்பவர், குடியை அண்மையில் விட்டவர், சரியாக உண்ணாதவர் ஆகியோருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றே நாங்கள் கூறுகிறோம். இவரோ தாம் மூன்று வெவ்வேறு மருந்துகளைச் சாப்பிட்டதாகவே எண்ணியிருப்பார். இவ்வாறு இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்தால் கல்லீரல் பழுதடையக்கூடும். என்றோ ஒரு நாள் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டவர் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை.

அவருடைய கைநடுக்கம் காய்ச்சலால் வந்ததன்று. நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பும் வரலாம். வலி மாத்திரை அதற்கு மருந்தாகாது. மாலை அணியும் முன்னரே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

கல்லீரல் பாதிப்பு வஞ்சகமானது. முதல் நாளில் குமட்டலும் வாந்தியும் மட்டுமே இருக்கும், அல்லது அவையும் இரா. இரண்டாம் நாள் உடல் தேறியதுபோல் தோன்றும். அதன் பிறகே வலது விலாவுக்குக் கீழ் வலியும், சிறுநீர் அடர்நிறமாதலும், கண் மஞ்சளாதலும், பேச்சில் குழப்பமும் வருகின்றன. அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து குளூட்டாதயோனை மீண்டும் உண்டாக்க உதவுகிறது. மிகையாக ஒரே நேரத்தில் விழுங்கியவருக்கு 8 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கினால் பலன் மிகுதி. ஆகவே அளவு மிஞ்சிவிட்டது என்று தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

குடியைத் தொடர்பவர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. 42.8 விழுக்காடு வலிமையுள்ள 180 மில்லிலிட்டர் மதுவில் ஏறத்தாழ 60 கிராம் சாராயம் இருக்கிறது. மணிக்கு 7 அல்லது 8 கிராம் அளவே உடல் அதை எரிக்க முடியும். இரவு பத்து மணிக்குக் குடித்தவரின் இரத்தத்தில் விடியற்காலை படகு புறப்படும்போதும் அது இருக்கும். அந்த இரவில் குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ போட்டவர் படகின் விளிம்பில் நின்று வலை இழுப்பதை எண்ணினால் எங்களுக்கு அச்சமாக இருக்கிறது.

சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். உணவில்லாதபோது கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கித் தருவதை மது தடுக்கிறது. மாத்திரையோ இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கிறது. வியர்வை, தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றைக் கண்டு, வாசனையும் வருவதால், “போதை, தூங்கட்டும்” என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். விழிப்புடன் விழுங்க முடிந்தால் சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை; மருந்தாளுநரிடம் கேட்கத் தெரிந்தால் போதும். முதலில், என்ன குடிக்கிறோம், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை அவரிடம் கூறுங்கள். கடையில் பலர் நிற்கும்போது இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்பதை அறிவோம். ஒரு தாளில் எழுதி நீட்டினாலும் போதும். அடுத்து, “இதில் பாராசிட்டமால் இருக்கிறதா, எத்தனை மில்லிகிராம்? வீட்டில் உள்ள மாத்திரைகளிலும் இருக்கிறதா?” என்று கேளுங்கள். “இது தூக்கம் தருமா, சர்க்கரையைத் தாழ்த்துமா?” என்பது அடுத்த கேள்வி. “மருந்து முடிந்தபின் எத்தனை நாள் மதுவைத் தவிர்க்க வேண்டும்?” என்பதையும் கேட்க வேண்டும், வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலுக்குக் கடைசி மாத்திரைக்குப் பின்னும் மூன்று நாள்கள் தவிர்ப்பது பாதுகாப்பு. அரிஷ்டம் வாங்குபவர்கள் அதில் மது எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். புளிக்கவைத்துச் செய்வதால் அதில் இயல்பாகவே மது உண்டாகிறது.

பட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளை வெட்டித் தரும்போது பெயரும் அளவும் மறுபாதியிலேயே தங்கிவிடுவதுண்டு. அப்போது மருந்துறையின் மீது அவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களிடம் வரும்போது, தீர்ந்துபோன பட்டைகளையும் எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.