ஒரே கருவி, மூன்று சட்டங்கள்

ஒரு நிறுவனம் வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்கிறது. ஆயிரம் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. முன்பெல்லாம் அவற்றைப் படித்துக் கழிப்பதற்கு ஓர் எழுத்தர் இருந்தார். இன்று பல இடங்களில் அவ்வேலையைச் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று செய்கிறது. பழைய நியமனங்களைப் பார்த்துப் பழகிய நிரல் அது. பழைய நியமனங்களில் பெண்கள் குறைவாக இருந்திருந்தால், புதிதாக விண்ணப்பிக்கும் பெண்களுக்கும் அது மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம். ஒதுக்கப்பட்டவருக்கோ காரணம் தெரியாது.

இத்தகைய கருவிகளை நாடுகள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்று நீங்கள் ஓர் ஒப்பீட்டுக் கட்டுரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாடுகளை வரிசையாகப் பட்டியலிட்டால் எதுவும் விளங்காது. ஒரே கருவியைப் பல நாடுகளுக்கும் கொண்டுசென்று மூன்று கேள்விகள் கேளுங்கள். சட்டம் இதை எந்த ஆபத்துப் படியில் வைக்கிறது? அதனால் என்ன கடமை வருகிறது? மீறினால் யார் கண்டுபிடிப்பார், எவ்வளவு தண்டிப்பார்?

ஐரோப்பிய ஒன்றியம்

2024 ஆகஸ்டு 1இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம் நான்கு படிகளைக் கொண்டது. உச்சியில் இருப்பவை தடை செய்யப்பட்ட கருவிகள். பணியிடத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் மனவுணர்ச்சியை ஊகிக்கும் கருவி இவ்வகை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. அடுத்த படி பேராபத்துக் கருவிகள். நம் விண்ணப்பக் கருவி இங்கேதான் வருகிறது. அதற்குக் கீழே, 'நான் ஓர் இயந்திரம்' என்று அறிவித்தால் போதுமானவை. கடைசிப் படிக்குத் தனிக் கடமை ஏதுமில்லை.

பேராபத்துக் கருவியைச் செய்பவர் பழக்கிய தரவுகளின் தரத்தைச் சோதிக்க வேண்டும். இயக்கப் பதிவுகள் தானாகவே பதிவாகும்படி அமைக்க வேண்டும். மனிதர் ஒருவர் கண்காணிக்க வழிவிட வேண்டும். மீறினால் அபராதத்தின் உச்சவரம்பு 1.5 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 3 விழுக்காடு. இவற்றில் எது அதிகமோ அது. 100 கோடி யூரோ விற்றுமுதல் உள்ள நிறுவனத்துக்கு இது 3 கோடி யூரோ ஆகிறது. தடைப் படியை மீறினால் 7 விழுக்காடு, அதாவது 7 கோடி.

தடைகள் 2025 பிப்ரவரி 2 முதல் செல்லும். பேராபத்துக் கடமைகளுக்கு முதலில் குறித்த நாள் 2026 ஆகஸ்டு 2. அதைத் தள்ளிவைக்கும்படி ஐரோப்பிய ஆணையமே 2025 நவம்பரில் முன்மொழிந்தது.

தென் கொரியா

2026 ஜனவரி 22இல் நடைமுறைக்கு வந்த கொரியச் சட்டத்தில் தடைப் படியே இல்லை. ஆள் சேர்ப்பு 'பெருந்தாக்கக் கருவி' என்ற படியில் வருகிறது. கடமைகள் ஐரோப்பாவுடையதைப் போன்றவையே. அபராதத்தின் உச்சவரம்போ 3 கோடி வோன். ஏறத்தாழ 20 ஆயிரம் டாலர். தொடக்கத்தில் குறைந்தது ஓராண்டுக்கு அதையும் வசூலிப்பதில்லை என்று அரசு அறிவித்தது.

நியூயார்க் நகரம்

இந்த மாநகரச் சட்டத்தில் படிகளே இல்லை. ஆள் சேர்ப்பு, பதவி உயர்வுக் கருவிகளை மட்டும் அது பிடித்துக்கொள்கிறது. ஆண்டுக்கொரு முறை வெளியார் ஒருவரைக் கொண்டு பாகுபாட்டுத் தணிக்கை செய்து, முடிவை வெளியிட வேண்டும். கணக்கு எளியது. 200 ஆண்களில் 100 பேர் தேர்வானால் தேர்வு வீதம் 0.50. 150 பெண்களில் 45 பேர் தேர்வானால் 0.30. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.60. விகிதம் 1ஐ நெருங்க நெருங்கப் பாகுபாடு குறைவு. எந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது என்று இச்சட்டம் சொல்லவில்லை. எண்ணை மறைக்கக் கூடாது என்பதே விதி. முதல் மீறலுக்கு 500 டாலர் வரை அபராதம்; அடுத்தடுத்தவற்றுக்கு 1,500 டாலர் வரை.

2023 ஜூலை 5இல் சட்டத்தின் அமலாக்கம் தொடங்கியது. பின்னர் ஆய்வாளர்கள் 391 நிறுவனங்களைத் தேடிப் பார்த்தார்கள். தணிக்கை அறிக்கை வெளியிட்டிருந்தவை 18 மட்டுமே! மற்றவை எல்லாம் சட்டத்தை மீறின என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மனிதரின் முடிவுக்குக் கணிசமாக உதவும் கருவிக்குத்தான் சட்டம் பொருந்தும். அப்படி உதவுகிறதா என்று தீர்மானிப்பதோ நிறுவனமேதான். 'எங்கள் அதிகாரிதான் முடிவு செய்கிறார்' என்று கருதிவிட்டால் அறிக்கை வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, மீறியவரும் விலக்குப் பெற்றவரும் ஒன்றுபோலவே தோன்றுவர்.

ஐரோப்பாவிலும் இந்த ஓட்டை சிறிது உண்டு. ஆள் சேர்ப்புக் கருவி விதிப்படி உள்ளதா என்று சான்றளிப்பவர் அதைச் செய்தவரேதான். ஆனால் அவர் கருவியைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 'பேராபத்து இல்லை' என்று விலக்குக் கோருபவரும் பதிய வேண்டும் என்றே 2024ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டது. அதிகாரி எங்கே தேடுவது என்பதற்கு ஒரு தடயமாவது கிடைக்கும்.

ஆகவே உங்கள் ஒப்பீட்டில் அபராதத் தொகைக்கு அருகே இன்னொரு கட்டம் வரையுங்கள்: 'இந்தக் கருவி இந்தப் படியில் சேரும் என்று சொல்பவர் யார்?' கருவியின் சொந்தக்காரர் மட்டுமே என்றால், ஒதுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்கு 7 விழுக்காடும் 500 டாலரும் ஒன்றுதான்.