சரியான விடை பட்டியலில் இல்லை!

கொடுக்கப்பட்ட ஐந்து விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் ஐந்துமே முழுச் சரியில்லை. அப்போது என்ன செய்வது? இப்படி ஒரு கணக்கு 1982-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் உண்மையாகவே வந்தது. கல்லூரியில் சேர விரும்பும் பள்ளி மாணவர்கள் அங்கே எஸ்.ஏ.டி. என்னும் தேர்வை எழுதுவார்கள். அந்தத் தேர்வில் கேட்கப்பட்ட கணக்கின் சாரம் இதுதான்:

ஒரு பெரிய வட்டம் அசையாமல் இருக்கிறது. அதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆரமுள்ள சிறிய வட்டம் ஒன்று, அதன் வெளிவிளிம்பைத் தொட்டபடியே உருண்டு அதைச் சுற்றி வருகிறது. சிறிய வட்டத்தின் மையம் புறப்பட்ட இடத்துக்கு மீண்டும் வந்து சேரும்போது, சிறிய வட்டம் எத்தனை சுழற்சிகளை முடித்திருக்கும்?

தரப்பட்ட விடைகள்: 3/2, 3, 6, 9/2, 9.

மேலே படிப்பதற்கு முன் உங்கள் விடையைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் 3 என்றே சொல்வர். கேள்வியைத் தயாரித்தவர்களும் அதையே சரியான விடையாகக் கொண்டிருந்தனர். பெரிய வட்டத்தின் சுற்றளவு சிறியதன் சுற்றளவைப் போல மூன்று மடங்கு. ஆகவே மூன்று முறை உருள வேண்டும் என்பது அவர்களது வாதம். பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியவில்லை அல்லவா?

ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். ஒரே அளவான இரண்டு சோடாப் புட்டி மூடிகளை எடுத்துக் கொள்ளுங்கள். நாணயத்தைவிட மூடி நல்லது. அதன் விளிம்பில் பற்கள் இருப்பதால் உருளும்போது வழுக்காது. வழுக்கினால் எண்ணிக்கை கெட்டுவிடும். ஒரு மூடியை மேசைமேல் அசையாமல் பிடித்துக் கொண்டு, மற்றதை அதன் தலைமேல் வையுங்கள். மேல் மூடியில் மேல் நோக்கி ஓர் அம்புக்குறி வரையுங்கள். இப்போது அதை மெல்ல உருட்டி, அடியில் இருக்கும் மூடியின் கீழ்ப்புறத்துக்குக் கொண்டு வாருங்கள். பாதிச் சுற்றளவுதான் உருண்டிருக்கிறது; எனவே அம்பு தலைகீழாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அது நிமிர்ந்தே நிற்கும்! பாதி வழியிலேயே ஒரு முழுச் சுழற்சி முடிந்து விட்டது. முழுவதும் சுற்றி வந்தால் இரண்டு சுழற்சிகள். சுற்றளவை வைத்துப் பார்த்தாலோ ஒன்றுதான் வர வேண்டும்.

கூடுதலாக வந்த அந்த ஒரு சுழற்சி எங்கிருந்து வந்தது? மூடியை உருட்டாமல், அதன் ஒரே பல் எப்போதும் நடு மூடியைத் தொட்டிருக்கும்படி நகர்த்திச் சுற்றி வாருங்கள். உருளவே இல்லை, ஆயினும் அம்பு மேல், பக்கம், கீழ், மறுபக்கம் என்று எல்லாத் திசைகளையும் ஒரு முறை காட்டி விடும். வட்டப் பாதையில் போவதாலேயே ஒரு சுழற்சி கிடைத்து விடுகிறது. உருளுவதால் கிடைப்பவற்றோடு இதையும் கூட்ட வேண்டும்.

கணக்காகவும் காட்டலாம். சிறிய வட்டத்தின் ஆரம் 1 என்றால் பெரியதன் ஆரம் 3. சிறிய வட்டத்தின் மையம் செல்லும் பாதையின் ஆரம் 3 + 1 = 4. வழுக்காமல் உருளும் எந்தச் சக்கரமும் ஒரு முறை சுழலும்போது அதன் மையம் தன் சுற்றளவு அளவு தூரம் நகரும். மையம் செல்லும் தூரம் சிறிய வட்டத்தின் சுற்றளவைப் போல நான்கு மடங்கு. எனவே சுழற்சிகள் 4.

நான்கு என்பது பட்டியலிலேயே இல்லை! அந்தத் தேர்வை எழுதியவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். அவர்களுள் மூன்று மாணவர்கள் மட்டும் தேர்வு நடத்தியவர்களுக்கு எழுதி, பட்டியலில் சரியான விடை இல்லை என்று விளக்கினார்கள். அந்தக் கணக்கு நீக்கப்பட்டு, எல்லாருடைய மதிப்பெண்களும் திருத்தி அமைக்கப்பட்டன.

ஆனால் தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு இந்தத் தீர்ப்பு கையில் இல்லை. 4 என்று கண்டுபிடித்து விட்டான். ஏதேனும் ஒன்றைக் குறித்தாக வேண்டும். அவன் எதைக் குறிப்பது நியாயம்?

4-க்கு மிக அருகில் உள்ள எண் 9/2, அதாவது நாலரை. வித்தியாசம் அரைதான். 3 என்பதோ ஒன்று குறைவு. ஆகவே 9/2 என்று குறிக்கலாமா? கூடாது. வட்டத்தை எங்கிருந்து பார்த்தாலும் நாலரைச் சுழற்சி என்று எண்ணுவதற்கு இயல்பான வழி ஏதும் இல்லை. 9 என்பது பரப்பளவுகளின் விகிதம். அதற்கும் சுழற்சிக்கும் தொடர்பில்லை. 3 மட்டும் அப்படி அல்ல. இரண்டு மையங்களையும் இணைக்கும் ஒரு கம்பியைக் கற்பனை செய்யுங்கள். அந்தக் கம்பியின்மேல் உட்கார்ந்து தானும் சுற்றி வரும் எறும்புக்குச் சிறிய வட்டம் எத்தனை முறை சுழன்றதாகத் தெரியும்? சரியாக மூன்று முறை. வெளியே மேசையருகில் நிற்கும் நமக்கு நான்கு.

ஆகவே 3 என்பதே ஆதரித்துப் பேசக்கூடிய விடை. அதற்குக் காரணம் எழுதச் சொன்னால் இப்படி எழுதலாம்: "மையங்களை இணைக்கும் கோட்டைச் சார்ந்து எண்ணினால் சுழற்சிகள் 3. வெளியே நிலையாக நிற்பவர் எண்ணினால் 4. அது பட்டியலில் இல்லை." இதை விட்டுவிட்டு, "சுற்றளவு மூன்று மடங்கு; ஆகவே 3" என்று எழுதியவரும் அதே கட்டத்தைத்தான் நிரப்பியிருப்பார். ஆனால் அவருடைய காரணத்தை மூடிச் சோதனை ஒரு நிமிடத்தில் கவிழ்த்து விடும். முதல் காரணத்தை எந்தச் சோதனையாலும் கவிழ்க்க முடியாது. ஏனெனில் யார் எண்ணுகிறார் என்பதை அது சொல்லி விடுகிறது.

ஆங்கிலக் கேள்வியில் இருந்த சொல்லும் குழப்பம் தருவதே. அந்த ஒரே சொல் தற்சுழற்சியையும் குறிக்கும், ஒன்றை வலம் வருவதையும் குறிக்கும். வலம் வருதல் என்று கொண்டால் விடை 1. அதுவும் பட்டியலில் இல்லை! தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பது நமக்கு ஒரு வசதி.

இது வெறும் வட்டக் கணக்குதானே என்று எண்ண வேண்டாம். ஓர் ஆண்டில் பூமி எத்தனை முறை தன்னைத்தானே சுழல்கிறது? 360, 365, 370 என்று விடைகள் தரப்பட்டால் 365 என்று தயங்காமல் குறிப்போம். ஆனால் சூரியன் உச்சிக்கு வந்து மீண்டும் உச்சிக்கு வருவதைத்தான் நாம் ஒரு நாளாக எண்ணுகிறோம். அதாவது பூமியையும் சூரியனையும் இணைக்கும் கோட்டின்மேல் இருக்கும் எறும்பின் கணக்கு அது. தொலைவிலுள்ள விண்மீன்களை வைத்துப் பார்த்தால், பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான் ஆகிறது. நாள்தோறும் மிஞ்சும் இந்த நான்கு நிமிடம் ஓர் ஆண்டில் சேர்ந்து ஒரு முழுச் சுழற்சி ஆகிறது. சூரியனைச் சார்ந்து 365.24, விண்மீன்களைச் சார்ந்து 366.24. மூன்றும் ஒன்றும் நான்கு என்ற அதே கணக்கு! இங்கும் 365 என்ற விடைக்குப் பக்கத்தில் "சூரியனைச் சார்ந்து" என்று எழுதினால்தான் அது நிற்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அதே சிறிய வட்டம், பெரிய வட்டத்தின் உட்புற விளிம்பைத் தொட்டபடி உருண்டு ஒரு சுற்று வருகிறது. எத்தனை சுழற்சிகள்? தரப்படும் விடைகள்: 3/2, 3, 9/2. மையம் செல்லும் பாதையின் ஆரத்தை முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் விடை இந்தப் பட்டியலில் இராது. எதைக் குறிப்பீர்கள், யார் எண்ணுவதாகக் காரணம் எழுதுவீர்கள்?