ஒரு நிமிடத்துக்குள் ஓர் எச்சரிக்கை

வானொலிப் பிரதியின் நீளத்தை அறியச் சொற்களை எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று வகுத்துப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆங்கில ஒலிபரப்பில் செக்கனுக்கு மூன்று சொல் என்ற கணக்கு நெடுநாளாக இருந்து வருகிறது. தமிழில் அந்தக் கணக்கு எடுபடாது. தமிழில் 'நீ' என்பதும் ஒரு சொல், 'விடுக்கப்பட்டுள்ளதாக' என்பதும் ஒரு சொல். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல்லின் நீளம் பிரதிக்குப் பிரதி மாறுகிறது. பேச்சுத் தமிழில் எழுதிய நாடகமும் திணைக்களத்திலிருந்து வந்த அறிக்கையும் ஒரே எண்ணிக்கைச் சொற்களைக் கொண்டிருந்தாலும், அறிக்கையை வாசித்து முடிக்க அதிக நேரம் பிடிக்கும்.

தமிழ் எழுத்து முறையிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால், ஒரு சொல்லில் எத்தனை அசைப்பு உண்டு என்பது கிடைத்துவிடும். 'பசறை' மூன்று, 'எல்ல' இரண்டு, 'எச்சரிக்கை' நான்கு. இலக்கணம் கூறும் நேரசை, நிரையசை வேறு. இங்கே அசைப்பு என்பது ஓர் உயிரொலி மட்டுமே. அறிவிப்பாளரின் வேகத்தை இந்த அலகில் அளந்துகொண்டால் சொல்லின் நீளம் தொல்லை தராது.

வேகத்தை அளப்பது எளிது. பழகிய பிரதி ஒன்றை ஒலிவாங்கியின் முன் வழக்கம்போல் வாசிக்கச் செய்து நிறுத்தற் கடிகாரத்தில் நேரம் பார்க்க வேண்டும். அந்தப் பிரதியில் 270 சொற்கள், 900 அசைப்புகள் என்றும், வாசிக்க 180 செக்கன் ஆனது என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 30 காற்புள்ளியும் 15 முற்றுப்புள்ளியும் உள்ளன. காற்புள்ளிக்கு அரைச் செக்கன், முற்றுப்புள்ளிக்கு ஒரு செக்கன் என்றால் இடைநிறுத்தங்களுக்கே 30 செக்கன் போய்விடுகிறது. மீதி 150 செக்கனில் 900 அசைப்பு, அதாவது செக்கனுக்கு ஆறு. சொல் கணக்கில் இதே ஆள் நிமிடத்துக்கு 90 சொல் வாசிக்கிறார்.

இனி நமுனுகுல மலையடிவாரத்துக்கு வரலாம். பசறையும் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களும் மண்சரிவுக்குப் பேர்போன பதுளை மாவட்டத்தில் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தது இதே மாவட்டத்தில்தான். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கையை, நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு நிமிடத்துக்குள் தமிழில் வாசிக்க வேண்டும் என்று கொள்வோம். தொடக்க ஒலிக்கு 4 செக்கன், முடிவில் கைவசம் 2 செக்கன், இடைநிறுத்தங்களுக்கு 9 செக்கன் கழித்தால் 45 செக்கன் மிஞ்சும். எச்சரிக்கையைச் செய்தியின் வேகத்தில் வாசிப்பதில்லை. லயனில் அடுப்படிச் சத்தத்துக்கும் கூரையில் கொட்டும் மழைக்கும் நடுவே கேட்பவருக்கு நிதானம் வேண்டும். செக்கனுக்கு ஐந்து என்று கொண்டால் கையில் உள்ளது 225 அசைப்பு.

அறிக்கை நடையில் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படி அமையும் (இது மாதிரிக்காக எழுதியது):

பதுளை மாவட்டத்தில் கடந்த 24 மணித்தியாலங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்திருப்பதால், பசறை, ஹாலிஎல, எல்ல ஆகிய பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தெரிவித்துள்ளது.

சொற்கள் 25. நிமிடத்துக்கு 90 என்ற கணக்கில் 17 செக்கன் கூட ஆகாது என்று தோன்றும். அசைப்போ 104. செக்கனுக்கு ஐந்தாக 20.8 செக்கன், மூன்று காற்புள்ளியும் ஒரு முற்றுப்புள்ளியும் சேர 23 செக்கனைத் தாண்டும். இருப்பதில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஒரு வாக்கியமே விழுங்கிவிட்டது. மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் தொடங்கவில்லை. திருத்திய வடிவம்:

பசறை, ஹாலிஎல, எல்ல பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை. அங்கு கடந்த 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்துள்ளதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறுகிறது.

சொல் கணக்கில் குறைந்தது மூன்றே மூன்று. அசைப்பு 82 ஆக இறங்கியிருக்கிறது. வாக்கியத்தை இரண்டாக உடைத்ததில் இடைநிறுத்தம் அரைச் செக்கன் கூடியும், மொத்தம் 19.4 செக்கனுக்கு வந்து, ஏறத்தாழ நான்கு செக்கன் மிச்சமாகிறது. சொல்லை மட்டும் எண்ணியவர் இரண்டு செக்கன்தான் குறைந்தது என்று நினைத்து, அவசியமான ஒன்றை மேலும் வெட்டியிருப்பார்.

எங்கே வெட்டுவது என்பதும் இதிலேயே தெரிகிறது. கொழுப்பு வினைமுற்றின் வாலில்தான் சேர்கிறது. 'மேற்கொள்ளப்பட்டு வருகின்றன' பத்து அசைப்பு, 'நடக்கின்றன' ஐந்து. ஊர்ப் பெயரிலும் எச்சரிக்கையின் நிறத்திலும் கை வைக்கக் கூடாது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார் நிலை, சிவப்பு என்றால் உடனே வெளியேறல். நேரம் போதவில்லை என்று நிறத்தைச் சொல்லாமல் விட்ட அறிவிப்பு அரை அறிவிப்பு.

இலக்கங்கள் தனிப் பொறி. தாளில் 2036 என்று நான்கு இலக்கமாகக் கிடக்கும் நமுனுகுலவின் உயரம், வாயில் 'இரண்டாயிரத்து முப்பத்தாறு' என்று பத்து அசைப்பாகிறது. ஆகவே எண்ணும் முன் இலக்கங்களை எழுத்தால் எழுதிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை 'நூற்றுப் பதினேழு' என்றாலும் 'ஒன்று ஒன்று ஏழு' என்றாலும் ஆறு அசைப்புதான்; ஆனால் தொலைபேசியை அழுத்துபவருக்குத் தனித்தனியாகச் சொல்வதே உதவும், இடையிடையே நிறுத்தவும் வேண்டும், இரண்டு தடவை சொல்லவும் வேண்டும். எனவே அதற்குக் குறைந்தது ஐந்து செக்கன் ஒதுக்குவது நல்லது.

அசைப்புக் கணக்குக்கும் எல்லை உண்டு. எல்லா அசைப்பும் ஒரே நீளமல்ல என்பதைத் தொல்காப்பியமே கண்டது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இதன்படி 'விடுக்கப்பட்டுள்ளதாகத்' பதினொன்றரை மாத்திரை. 'பிரிவுகளுக்கு' குற்றியலுகரக் கழிவு போக ஆறு. அசைப்பில் எட்டுக்கு ஆறாக இருந்த விகிதம் இங்கே ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றாகிறது. இயல்பான வாசிப்பில் நெடில் குறிலைப் போல் சரியாக இருமடங்கு நீள்வதில்லை என்பதால் மாத்திரையை அப்படியே செக்கனாக்க முடியாது. முழுப் பிரதியில் இந்த ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். இரட்டிப்பு மெய்கள் அடுக்கிய ஒற்றை வாக்கியத்தில்தான் மதிப்பீடு குறைவாக வரும். பத்துச் செக்கனுக்குக் குறைந்த துண்டைக் கணக்கை நம்பாமல் வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதே சரி. கண்ணால் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை, கண் எப்போதும் வாயை முந்திவிடும்.

எவ்வளவு கவனமாக எண்ணினாலும் நேரடி வாசிப்பில் ஓரிரு செக்கன் முன்பின்னாகும். அதற்காகப் பிரதியின் கடைசிக்கு முந்தின இடத்தில், விட்டாலும் பொருள் கெடாத ஒரு வாக்கியத்தை அடைப்புக்குறிக்குள் வைப்பது உண்டு. அதன் தொடக்கத்தில் ஓரத்தில் '0:48' போல ஒரு நேரம் குறிக்கப்படும். அறிவிப்பாளர் அந்த வரிக்கு வரும்போது கடிகாரம் அதைத் தாண்டியிருந்தால் அடைப்புக்குறியைத் தாவி, 117க்குப் போய்விடுவார்.